ஏஎஃப் உள்ள அப்பாவுக்கு ஆஸ்பிரின் மட்டும் போதுமா?

கேள்வி

டாக்டருக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 74 வயது. நீடாமங்கலம் பக்கம் கிராமம். இன்னும் வயலில் இறங்கி வேலை செய்கிறார். 12 வருஷமாக சர்க்கரை, பிரஷரும் உண்டு. எடை 54 கிலோ, கிரியாட்டினின் 1.1. கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஈசிஜியில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று வந்தது. தஞ்சாவூரில் இதய டாக்டர் எக்கோ பார்த்து, வால்வு நன்றாக இருக்கிறது, ரத்தக்கட்டி இல்லை என்றார். மெட்டோப்ரோலாலும், அபிக்சபான் 5 மி.கி. காலை, இரவும் கொடுத்தார். அறுப்பின்போது அரிவாள் விரலில் பட்டு, ரத்தம் நிற்க நேரமாகிவிட்டது. பயந்துபோய் அபிக்சபானை நிறுத்திவிட்டார். ஸ்டென்ட் வைத்திருக்கும் சித்தப்பா, “எனக்கே ஆஸ்பிரின்தான், உனக்கும் அது போதும், மற்றது எலி மருந்து” என்று சொல்ல, ஐந்து வாரமாக அதற்குப் பதில் ஆஸ்பிரின் 75 மட்டும் போடுகிறார். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிக்கொள்வார். “படபடப்பே இல்லை, மெஷினில் துடிப்பு 72 காட்டுகிறது, எனக்கு என்ன?” என்கிறார். ஆஸ்பிரின் போதுமா? இல்லையென்றால் 2.5 மி.கி. மாத்திரையாவது போடச் சொல்லலாமா?

— ஒரு மகள், திருவாரூர் மாவட்டம்

பதில்

போதாது. உங்கள் சித்தப்பாவுக்கு அது சரியான மாத்திரைதான். உங்கள் அப்பாவின் இதயத்தில் நடப்பது வேறு சங்கதி. அதைப் புரியவைத்துவிட்டால், மாத்திரையைப் பற்றி அவரிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த ஈசிஜி காகிதத்தை எடுத்துப் பாருங்கள். உயரமாக எழும் முனைகள் வரிசையாகத் தெரியும். வேறொரு தாளின் விளிம்பை அதன்மேல் வைத்து, அடுத்தடுத்த மூன்று முனைகள் எங்கே வருகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, தாளைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். சாதாரண இதயத்தில் அந்தக் குறிகள் அடுத்த மூன்று முனைகளோடும் பொருந்திவிடும். உங்கள் அப்பாவின் காகிதத்தில் எங்கே வைத்தாலும் பொருந்தாது. ஓர் இடைவெளி குறுகலாக இருக்கும், அடுத்தது நீளும், அதற்கடுத்தது வேறு மாதிரி. ஒவ்வொரு முனைக்கும் முன்னால் இருக்க வேண்டிய சிறிய மேடும் இருக்காது. இதயத்தின் மேலறைகள் ஒன்றுசேர்ந்து சுருங்குவதற்கான அடையாளம் அந்த மேடு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், சுருக்கமாக ஏஎஃப்பில், மேலறைகள் சுருங்குவதில்லை; நிமிடத்துக்கு 350 முறைக்கு மேல் தாறுமாறாக நடுங்குகின்றன. அத்தனையும் கீழறைகளுக்குப் போய்ச் சேராததால்தான் நாடித்துடிப்பு 72 என்றோ 90 என்றோ காட்டுகிறது.

அந்த 72ஐ மெட்டோப்ரோலாலும் கொண்டுவந்திருக்கும். அது துடிப்பின் வேகத்தைக் குறைக்கிற மாத்திரை. படபடப்பு அடங்கும், மூச்சு வாங்குவது குறையும். மேலறையின் நடுக்கத்தை அது நிறுத்துவதில்லை, ரத்தம் உறைவதையும் தடுப்பதில்லை. துடிப்பு சீராக இருக்கிறதா என்று மெஷினின் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிடம் பாருங்கள். அப்போதும் சீராக இருந்தால் நல்லதுதான், ஆனால் விஷயம் முடிந்துவிடவில்லை. சிலருக்கு ஏஎஃப் சில மணி நேரம் வரும், போகும், மறுபடி வரும். பாதி நேரம் அவர்களுக்கே தெரியாது. உங்கள் அப்பாவுக்கும் கண் ஆபரேஷனுக்காக ஈசிஜி எடுத்ததால்தானே தெரியவந்தது.

ரத்தம் எங்கே உறைகிறது

இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை உண்டு. டாக்டர்கள் அப்பெண்டேஜ் என்பார்கள். வாய் குறுகல், உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும், மறுபக்கம் வழி கிடையாது. மேலறை ஒழுங்காகச் சுருங்கும்போது பையும் சேர்ந்து சுருங்கி, உள்ளே இருக்கும் ரத்தத்தை வெளியே தள்ளிவிடும். நடுங்க மட்டும் செய்யும்போது அந்த வேலை நடப்பதில்லை. உங்கள் அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் ஷட்டர் போட்ட கிளை வாய்க்காலில் தண்ணீர் அசையாமல் நின்று பாசி கட்டிவிடுகிறது. அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

தேங்கிய ரத்தம் உறையும். வால்வு கோளாறு இல்லாத ஏஎஃப் நோயாளிகளுக்கு இடது மேலறையில் கட்டி இருந்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அது இந்தப் பைக்குள்தான் இருக்கும். கட்டி அங்கேயே கிடந்தால் பெரிய தொல்லை இல்லை. ஒரு துண்டு கழன்றால் கீழறை, அங்கிருந்து பெருந்தமனி, அங்கிருந்து கழுத்து வழியாக மூளை என்று சில நொடிகளில் போய்விடும். கட்டி பெரியதாக இருப்பதால் மூளையின் பெரிய குழாயிலேயே மாட்டிக்கொள்ளும். ஏஎஃப்பால் வரும் பக்கவாதம் மற்றவற்றைவிடக் கடுமையாக இருப்பதற்கு இதுதான் காரணம். காலையில் காபி டம்ளரை எடுக்கப்போன வலது கை பாதி வழியில் விழும், வாய் ஒரு பக்கம் கோணும், பேச்சு வராது. அதற்கு முந்தின நிமிடம் வரை அவர் நன்றாகத்தான் இருந்திருப்பார்.

எக்கோவில் கட்டி இல்லை என்று வந்ததை அப்பா நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டிருந்தால், அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். மார்பின்மேல் வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவில் அந்தப் பை சரியாகத் தெரியாது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் உணவுக்குழாய் வழியாகக் குழாயை இறக்கி எடுக்கும் எக்கோ வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அது இப்போது தேவையில்லை, ஏனென்றால் கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாத்திரை ஒன்றுதான். அந்த எக்கோவில் உங்களுக்குப் பயனுள்ள செய்தி, வால்வு நன்றாக இருக்கிறது என்பது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சித்தப்பாவின் மாத்திரை ஏன் இவருக்கு உதவாது

ரத்தம் உறைவதில் இரண்டு கூட்டாளிகள் உண்டு. ஒன்று தட்டணுக்கள். இன்னொன்று ஃபைப்ரின் என்ற நார்வலை. ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதங்கள் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு, கடைசியில் இந்த வலையாக இறுகுகின்றன. சித்தப்பாவின் இதயக் குழாயில் ரத்தம் வேகமாக ஓடுகிறது. அங்கே கொழுப்புப் படிவம் வெடித்த இடத்திலோ, ஸ்டென்ட்டின் கம்பியிலோ முதலில் வந்து ஒட்டுவது தட்டணுக்கள். ஆஸ்பிரின் அவற்றை ஒட்டவிடாமல் செய்கிறது. அதனால் அவருக்கு அது பொருத்தமான மருந்து.

உங்கள் அப்பாவின் பையில் ரத்தம் நின்றுகொண்டிருக்கிறது. அங்கே பெரும்பங்கு நார்வலைக்குத்தான். வலை பின்னப்படுகிறது, சிவப்பணுக்கள் அதில் சிக்கிக் கட்டியாகின்றன. ஆஸ்பிரின் இந்த வலையைத் தொடுவதே இல்லை. அபிக்சபான் வலை பின்னும் சங்கிலியில் பத்தாம் காரணி என்ற கண்ணியைப் பிடித்து நிறுத்துகிறது. ஏற்கெனவே உள்ள கட்டியை அது நேரடியாகக் கரைக்காது. புதிதாக உருவாகவும், உள்ளது வளரவும் விடாது. பழையதை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளும்.

இது வெறும் தத்துவம் இல்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின் ஒத்துவராத சுமார் 5,600 ஏஎஃப் நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரினும் பாதிப் பேருக்கு அபிக்சபானும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. பக்கவாதமோ, கட்டி வேறு உறுப்பில் போய் அடைப்பதோ, ஆஸ்பிரின் பிரிவில் ஆண்டுக்கு 100 பேரில் 3.7 பேருக்கு வந்தது, அபிக்சபான் பிரிவில் 1.6 பேருக்கு. ஆய்வைப் பாதியிலேயே முடித்துவிட்டார்கள், வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்தது. உங்கள் அப்பா கவனிக்க வேண்டியது அடுத்த கணக்கு. பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரின் பிரிவில் 1.2, அபிக்சபான் பிரிவில் 1.4. கிட்டத்தட்ட ஒன்றேதான். ரத்தக்கசிவுக்குப் பயந்து ஆஸ்பிரினுக்கு மாறினால், அந்த அபாயம் பெரிதாகக் குறைவதில்லை. பக்கவாதத்திலிருந்து கிடைத்த பாதுகாப்பு மட்டும் கைவிட்டுப் போகிறது.

இவருக்கு இந்த மாத்திரை தேவைதானா என்றும் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஏஎஃப் உள்ள எல்லோருக்கும் தேவையில்லை. வேறு நோய் எதுவும் இல்லாத 45 வயதுக்காரருக்கு நானே கொடுக்க மாட்டேன். அதற்கு ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. 65 முதல் 74 வயதுக்கு 1, சர்க்கரைக்கு 1, பிரஷருக்கு 1. ஆக உங்கள் அப்பாவுக்கு 3. அடுத்த பிறந்தநாளில் 75 ஆனதும் வயதுக்கு மட்டும் 2 ஆகி, மொத்தம் 4 ஆகிவிடும். ஆண்களுக்கு 2 வந்தாலே மாத்திரை வேண்டும் என்பது விதி. 3 புள்ளி என்றால், மாத்திரை இல்லாமல் ஆண்டுக்கு 100 பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குப் பக்கவாதம் வரும். மாத்திரை போட்டால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தவிர்க்கப்படும். ஒரு வருஷத்துக்கு இது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் உங்கள் அப்பா இன்னும் பத்து வருஷம் வயலுக்குப் போக நினைக்கிறவர்.

எலி மருந்து விஷயத்தில் சித்தப்பா சொன்னது பாதி உண்மை. வார்ஃபரின் 1948இல் எலிப் பாஷாணமாகத்தான் விற்பனைக்கு வந்தது; 1954இல் மனிதர்களுக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. நம் பக்கம் வயலில் எலிக்கு வைக்கும் புரோமடையலோனும் அந்த வகையறாதான். ஆனால் அபிக்சபான் அந்தக் குடும்பமே இல்லை.

அரைப் பங்கு மாத்திரை

2.5 மி.கி. மாத்திரை பயந்தவர்களுக்காக வந்தது இல்லை. மூன்று விஷயங்களைப் பார்ப்போம்: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழே, கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். இதில் இரண்டு இருந்தால்தான் 2.5க்குக் குறைக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. ஆகவே 5 மி.கி. இரண்டு வேளைதான். தேவையில்லாமல் குறைத்துக் கொடுத்தால் பாதுகாப்பு குறையும். ரத்தக்கசிவும் குறைகிறதா என்றால், அதற்கு உத்தரவாதம் இல்லை. ஆறு வருஷம் கழித்து 80 ஆகும்போது எடையோடு சேர்ந்து இரண்டாகிவிடும், அப்போது டாக்டரே குறைப்பார். கிரியாட்டினின் அதற்கு முன்பே ஏறலாம். அவருக்குச் சர்க்கரையும் இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த மாத்திரையின் வேலை ஓரிரு நாளில் முற்றிலும் அடங்கிவிடும். ‘நேற்று போட்டேனே’ என்பதில் பயன் இல்லை. ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே நினைவு வந்தவுடன் போட்டுக்கொண்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடலாம். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். சாப்பாட்டுப் பத்தியம் கிடையாது. கீரையில் அளவு பார்ப்பது வார்ஃபரினோ, அதே வகையான அசிட்ரோமோ சாப்பிடுகிறவர்களுக்கு. அவர்களும் கீரையை விட வேண்டியதில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

துடிப்பு உண்மையிலேயே சீராகிவிட்டால் நிறுத்தலாமா என்று அப்பா நிச்சயம் கேட்பார். 2002இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், துடிப்பைச் சீராக்கும் சிகிச்சை ஒரு பிரிவுக்கு, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தும் சிகிச்சை இன்னொரு பிரிவுக்கு என்று கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பக்கவாதம் பெரும்பாலும் வார்ஃபரினை நிறுத்தியவர்களுக்கும், அதன் அளவு போதாமல் இருந்தவர்களுக்கும்தான் வந்தது. மாத்திரையைத் தொடர்வதை முடிவு செய்வது புள்ளிக் கணக்குதான், இன்றைய நாடித்துடிப்பு அல்ல.

உண்மையில் பயப்பட வேண்டியது எதற்கு

அரிவாள் வெட்டுக்கு இல்லை. வெளியே தெரியும் காயத்தைக் கையால் அழுத்திப் பிடிக்க முடியும். சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அநேகமாக நின்றுவிடும். நிற்காவிட்டால் தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த டைக்ளோஃபினாக். அது வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும், தட்டணுக்களையும் செயலிழக்கச் செய்யும், சிறுநீரகத்தையும் பாதித்து அபிக்சபானின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். இப்போதுகூட ஆஸ்பிரினோடு அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார், வயிற்றுக்கு அதுவே ஆபத்தான ஜோடி. முழங்காலுக்குப் பாரசிட்டமாலும், மேலே தடவும் மருந்தும் போதும். வலிக்கு இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். தசைக்குள் ரத்தம் கட்டிவிடும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், காரணமில்லாமல் தளர்ச்சியும் மூச்சிரைப்பும் வந்தால், வயிற்றில் கசிகிறது என்று வைத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.

இரண்டாவது, தலையில் அடி. வரப்பில் வழுக்கியோ வண்டியிலிருந்தோ விழுந்து தலை மோதினால், ஒன்றும் செய்யவில்லை என்று அவர் சொன்னாலும் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். பிரஷரை 130/80க்குப் பக்கத்தில் வைத்திருப்பது மூளையில் கசிவதைக் குறைக்க நம் கையில் இருக்கும் பெரிய வழி. வயலில் இறங்குகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பாம்பு கடித்தால் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை அந்த டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்ற ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசி அபிக்சபான் எத்தனை மணிக்குப் போட்டார் என்று கேட்பார்கள். இரண்டு நாளுக்குள் போட்டிருந்தால் அந்த ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், கட்டியைக் குழாய் வழியாக எடுப்பது பற்றி யோசிப்பார்கள். நேரம் தெரியவில்லை என்றால் முடிவெடுக்கத் தாமதமாகும்.

வால்வைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அதனால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள், பெண்கள் அதிகம். அவர்களுக்கு ஏஎஃப் வந்தால் புள்ளிக் கணக்கே கிடையாது, எந்த வயதிலும் வார்ஃபரின் வகை மாத்திரைதான். புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்சபானை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. பழைய மருந்து சாப்பிட்டவர்களே நன்றாக இருந்தார்கள். செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் அப்படித்தான். இதைப் படித்துவிட்டு அவர்கள் யாரும் அபிக்சபானுக்கு மாறிவிட வேண்டாம்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரமே தஞ்சாவூர் டாக்டரைப் பாருங்கள் அல்லது போனிலாவது பேசுங்கள். ஐந்து வாரமாக நிறுத்தியதையும், டைக்ளோஃபினாக்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஹீமோகுளோபினும் கிரியாட்டினினும் ஒருமுறை பார்த்து, வயிற்றில் கசிவு இல்லை என்றால், அபிக்சபானை 5 மி.கி. இரண்டு வேளையாக மறுபடி தொடங்கச் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். தொடங்கும் அன்றே ஆஸ்பிரினை நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதயக் குழாயில் அடைப்போ ஸ்டென்ட்டோ இல்லாதவருக்கு இரண்டும் சேர்ந்தால் கசிவு கூடுமே தவிர வேறு லாபம் இல்லை. நிறுத்தியதற்குப் பயத்தோடு பணமும் ஒரு காரணமாக இருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குறைந்த விலையில் ஜெனரிக் கிடைக்கிறது. அதுவும் முடியாது என்றால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவில் இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டு வார்ஃபரின் சாப்பிடலாம். ஆஸ்பிரினைவிட அது எவ்வளவோ மேல்.

கண் ஆபரேஷன் இன்னும் பாக்கி என்றால், சொட்டு மருந்தில் மரத்துப்போக வைத்துச் செய்யும் கண்புரை ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் இந்த மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டுச் செய்வதாக இருந்தால் மட்டும், கண் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். எத்தனை வேளை நிறுத்த வேண்டும், ஆபரேஷன் முடிந்து எந்த வேளையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் ஆபரேஷனுக்காக நிறுத்திய மாத்திரை அப்படியே நின்றுபோய்விடுகிறது.